64 ஜிபி போனை இரண்டு வருஷமாகக் காலி செய்து ஓட்டும் அனுபவம்

அம்பாசமுத்திரத்தில் மருமகளின் சடங்கு வீட்டில், தாய்மாமன் சீர் தட்டு உள்ளே வரும் நேரத்தில் என் கேமரா படம் எடுக்க மறுத்தது. 64 ஜிபி போனில் மிச்சம் 300 எம்பிதான். மண்டபத்து ஓரமாகப் போய் செட்டிங்ஸில் ஸ்டோரேஜைத் திறந்து, வீடியோ பார்க்கிற இரண்டு ஆப்களுக்கு மட்டும் Clear cache கொடுத்தேன். 2 ஜிபிக்கு மேல் கிடைத்தது, மிச்ச விசேஷத்தைப் படம் எடுத்துவிட்டேன். பக்கத்திலேயே இருக்கும் Clear storage மேல் கை பட்டால் லாகின், டவுன்லோட் எல்லாம் போய்விடும், அதைத் தொடக் கூடாது. ஆனால் கேச் என்பது அவசரத்துக்குத்தான். மூன்றே வாரத்தில் அந்த 2 ஜிபியும் திரும்ப நிறைந்துவிட்டது.

நிலையான இடம் கிடைத்தது கூகுள் போட்டோஸால். தினம் ஒன்றரை ஜிபி டேட்டாவில் 11 ஜிபி படங்கள் ஏறாது. அதனால் பாளையங்கோட்டையில் அக்கா வீட்டு வைஃபையில், சார்ஜரில் போட்டு ஒரு ராத்திரி விட்டேன். இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி, மெயிலும் அதில்தான் சேரும். எனவே Storage saver தரத்தில் ஏற்றினேன். போன் திரையில் பார்க்க எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. காலையில் Backup complete என்று வந்திருந்தது. அதை நம்பி உடனே அழிக்காமல், அக்காவின் லேப்டாப்பில் photos.google.com திறந்து, சடங்கு வீட்டின் கடைசி வீடியோ ஓடுகிறதா என்று பார்த்தேன். பெரிய வீடியோதான் எப்போதும் கடைசியில் தங்கும். அது ஓடிய பிறகுதான் Free up space அழுத்தினேன்.

இதில் மைனிக்கு ஒரு தப்பு நடந்தது. "அதான் மேல ஏறிட்டே, இங்கன அழிச்சா என்ன?" என்று கூகுள் போட்டோஸுக்குள் படங்களைத் தேர்ந்தெடுத்து டெலீட் கொடுத்துவிட்டார்கள். அப்படிச் செய்தால் போனிலும் போகும், மேலேயும் போகும். Free up space போனில் இருப்பதை மட்டும் எடுக்கும். நல்லவேளை, மேலே ஏறிய படம் குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும். பத்தாம் நாள் எனக்குத் தெரிந்ததும் அவ்வளவையும் மீட்டுக் கொடுத்தேன்.

இத்தனை செய்தும் வாட்ஸ்அப்பின் 9 ஜிபி அசையவில்லை. அந்த ஃபோல்டர் தானாக ஏறாது, நாம் சொன்னால்தான் ஏறும். நான் சொல்லவில்லை. காலை வணக்கப் படங்களுக்கு 15 ஜிபியைக் கொடுப்பானேன்? வாட்ஸ்அப்பிலேயே Manage storage போய், 5 எம்பிக்கு மேற்பட்டதை மட்டும் பார்த்துப் பார்த்து அழித்ததில் 6 ஜிபி கிடைத்தது. இப்போது மாதம் ஒரு தடவை அதைச் செய்கிறேன்.

ஒரு குறை இன்னும் இருக்கிறது. போன மாசம் காரையார் பக்கம் சொந்தக்காரர்களோடு போயிருந்தோம். சடங்கு வீட்டுப் படத்தைக் காட்ட எடுத்தால், சிக்னல் இல்லாமல் எல்லாம் மங்கலாகவே நின்றது. அதற்குப் பிறகு அம்மாவும் மருமகளும் இருக்கும் ஐம்பது படங்களை மட்டும் போனுக்கே திரும்ப இறக்கி வைத்திருக்கிறேன்.