ஈபிஎஃப் பென்ஷனா, ஈஎஸ்ஐயா: அம்மாவுக்கும் மாற்றுத்திறனாளி பிள்ளைக்கும் எது எதுவரை வரும்?

ஃபேக்டரி விபத்துல ஒருத்தர் இறந்துட்டார்னு வைங்க, வீட்ல மனைவி, விதவை அம்மா, நிரந்தரமா முழு ஊனமான ஒரு மகன். ஈபிஎஃப் பென்ஷன்ல (ஈபிஎஸ் 95) மனைவிக்கு விதவை பென்ஷன், மகனுக்கு அதுல 25%, மத்த பிள்ளைங்களுக்கு 25 வயசோட நிக்கும் ஆனா இவனுக்கு ஆயுசுக்கும் உண்டு. அம்மாவுக்கு? ஒண்ணுமில்ல, மனைவி பிள்ளை யாருமில்லாம நாமினியும் இல்லாம இருந்தாத்தான் அப்பாவுக்கும் அவருக்கப்புறம் அம்மாவுக்கும் போகும். இது எனக்கு ரொம்ப கொடுமையா படுது.

ஈஎஸ்ஐல விதவை அம்மாவுக்கும் ஆரம்பத்துலயே பங்கு உண்டு, அதுவும் ஆயுசு முழுக்க. தினசரி சம்பளம் 500னா அதுல 90%, அதாவது 450 ரூபாதான் மொத்தம். மனைவிக்கு 3/5, அம்மாவுக்கு 2/5, மகனுக்கு 2/5னு கூட்டினா 450ஐ தாண்டிடும், அதனால குறைச்சு மனைவிக்கு சுமார் 193, மத்த ரெண்டு பேருக்கும் தலா சுமார் 129. மகனுக்கு ஊனம் இருக்கிற வரைக்கும் வரும்.

ஆனா வேலை சம்பந்தமான விபத்து, தொழில் நோய்னால இறந்தாத்தான் ஈஎஸ்ஐ இதை தரும், வீட்ல ஹார்ட் அட்டாக்னா ஈபிஎஸ் மட்டும்தான்.

பிள்ளைங்களோட அம்மாவும் அப்பாவும் ரெண்டு பேருமே போயிட்டா ஈபிஎஸ்ல அனாதை பிள்ளைங்களுக்கு விதவை பென்ஷன்ல 75% ஆளுக்கு, ஒரே நேரத்துல ரெண்டு பேருக்குத்தான், 25 வயசு வரை. மூத்தவனுக்கு 25 முடிஞ்சதும் மூணாவது பிள்ளைக்கு ஆரம்பிக்கும், அதை நாமதான் கேட்டு வாங்கணும்.