12 வோல்ட் இன்வர்ட்டருக்கு எந்த லித்தியம் பேட்டரி: எல்.எஃப்.பி.யா, என்.எம்.சி.யா?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் வீட்டு இன்வர்ட்டரின் ஈய அமில பேட்டரி வலுவிழந்தபோது, அந்த இடத்தில் லித்தியம் பேட்டரி வைக்க முடிவு செய்தேன். இரும்பு பாஸ்ஃபேட் சேர்ந்த எல்.எஃப்.பி., நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் சேர்ந்த என்.எம்.சி. ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது, எல்.எஃப்.பி.யை வாங்கினேன். என்.எம்.சி. எடை குறைந்தது, அதே இடத்தில் கூடுதல் ஆற்றலை அடக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஓரிடத்தில் அசையாமல் இருக்கும் பேட்டரிக்கு எடை பெரிய கணக்கில்லை. என் முடிவைத் தீர்மானித்தது மின்முனைகளின் மின்னழுத்தம்.

ஒரு செல்லின் வோல்ட் என்பது அதன் நேர்முனைப் பொருளின் மின்னழுத்தத்திலிருந்து எதிர்முனைப் பொருளின் மின்னழுத்தத்தைக் கழித்தால் வருவது. நாம் ஒப்பிடும் இரண்டு வகைகளிலும் எதிர்முனை கிராஃபைட்தான். லித்தியம் உலோகத்தை அளவுகோலாகக் கொண்டால் அது ஏறத்தாழ 0.1 வோல்ட்டில் இருக்கிறது. எல்.எஃப்.பி. நேர்முனை சுமார் 3.4 வோல்ட்டிலும், என்.எம்.சி. நேர்முனை சராசரியாக 3.8 வோல்ட்டை ஒட்டியும் இருப்பதால், முதல் செல் 3.2 முதல் 3.3 வோல்ட்டும் அடுத்தது 3.6 முதல் 3.7 வோல்ட்டும் தருகின்றன. செல்லைப் பெரிதாகச் செய்தால் அது தாங்கும் மின்னேற்றம் கூடுமே தவிர, இந்த வோல்ட் மாறாது.

இரும்பு, சாதாரண ஆக்சைடில் இவ்வளவு உயர்ந்த மின்னழுத்தத்தைத் தருவதில்லை. பாஸ்ஃபேட்டில் உள்ள பாஸ்பரஸ், ஆக்சிஜனின் எலெக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால், இரும்புக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான பிணைப்பு தளர்ந்து, இரும்பின் மின்னழுத்தம் மேலே ஏறுகிறது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழுவினர் 1997இல் இந்தப் பொருளை நேர்முனையாக முன்வைத்தபோது பயன்பட்டது இந்த விளைவுதான்.

இனி என் இன்வர்ட்டருக்கு வருவோம். அது ஈய அமில பேட்டரிக்காகச் செய்யப்பட்டது: ஏற்றும்போது 14.4 வோல்ட் வரை கொடுக்கும், இறங்கும்போது 10.5 வோல்ட்டில் நிறுத்திக்கொள்ளும். நான்கு எல்.எஃப்.பி. செல்களைத் தொடராக இணைத்தால் ஏற்றும்போது ஒவ்வொன்றுக்கும் 3.6 வோல்ட் வரும். அதன் மேல் எல்லை 3.65. கீழே 10.5 என்பது செல்லுக்கு 2.6 வோல்ட்டுக்குச் சற்று மேல். கீழ் எல்லை 2.5. இரு முனைகளிலும் அச்சில் வார்த்ததுபோலப் பொருந்துகிறது.

என்.எம்.சி.யில் இந்தப் பொருத்தம் எப்படிப் போட்டாலும் அமையவில்லை. மூன்று செல் வைத்தால் 14.4 வோல்ட்டில் ஒவ்வொன்றுக்கும் 4.8 வோல்ட் வருகிறது; 4.2க்கு மேல் ஏற்றக் கூடாத செல்லுக்கு அது ஆபத்து, காப்புச் சுற்று இடையில் துண்டித்தால்தான் தப்பும். நான்கு செல் வைத்தால் தலா 3.6 வோல்ட்தான் கிடைக்கும். முழுதாக ஏற 4.2 தேவைப்படும் செல் அதில் பாதிகூட நிரம்பாது. இன்வர்ட்டரையே மாற்றினால் அன்றி, கொடுத்த பணத்தில் பெரும்பகுதி பயன்படாமல் கிடக்கும். வோல்ட் அமைப்புகளை மாற்றிக்கொள்ள வசதியுள்ள இன்வர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை, அவர்களுக்கு என்.எம்.சி. ஏற்றதாக இருக்கலாம், ஆனால் அதை நான் வீட்டில் ஓட்டிப் பார்த்ததில்லை.

எல்.எஃப்.பி.யிலும் ஒரு குறை உண்டு, அதற்கும் காரணம் மின்முனைதான். லித்தியம் வெளியேறும்போது அந்த நேர்முனையில் லித்தியம் உள்ள பகுதியும் இல்லாத பகுதியும் தனித்தனியாக அருகருகே நிற்கின்றன. ஒன்று குறைந்து மற்றொன்று கூடுகிறதே தவிர, மின்னழுத்தம் கிட்டத்தட்ட அசைவதில்லை. என்.எம்.சி.யில் லித்தியத்தின் அளவு பொருள் முழுவதும் படிப்படியாக மாறுவதால், மின்னழுத்தமும் சரிந்துகொண்டே வருகிறது. இருப்பு 90 விழுக்காட்டிலிருந்து 30 விழுக்காட்டுக்கு இறங்கும்போது என்.எம்.சி. செல் சுமார் 0.4 வோல்ட் இறங்கும், எல்.எஃப்.பி. ஏறத்தாழ 0.1 வோல்ட்தான்.

முதல் மாதமே இதை நேரில் கண்டேன். ஒரு நீண்ட மின்வெட்டில் இன்வர்ட்டரின் முகப்பில் இருப்புக் கோடுகள் வெகுநேரம் நிறைவாகவே நின்றன. பிறகு சில நிமிடங்களில் கோடுகள் சரிந்து விளக்குகள் அணைந்தன. பேட்டரியில் பழுதில்லை. வோல்ட்டைப் பார்த்து இருப்பை ஊகிக்கும் பழைய முறைக்கு இந்தத் தட்டையான மின்னழுத்தம் எதையும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இதற்காக, எதிர்முனைக் கம்பியில் மின்னோட்டத்தை அளக்க உதவும் ஷண்ட் ஒன்றை வைத்து, உள்ளே போகும் ஆம்பியரையும் வெளியே வரும் ஆம்பியரையும் எண்ணும் மீட்டரைப் பொருத்தினேன். அதிலும் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போவதால், மாதம் ஒருமுறையாவது பேட்டரியை 14.4 வோல்ட் வரை ஏற்றி, ஏறும் மின்னோட்டம் நன்கு தணிந்த பிறகு, மீட்டரை 100 விழுக்காட்டில் மறுபடி நிறுத்துகிறேன்.