ஏசி சேர்விஸ் நினைவூட்டல்: பேஸ்புக்கா, ஸ்டேட்டஸா, தனி மெசேஜா?

மச்சானுடைய ஏசி சேர்விஸ் தொழிலுக்கு போஸ்ட் போடும் வேலை மூன்று வருசமாக என் தலையில். திருகோணமலையில் மாரி மழை தை மாதத்தோடு ஓயும். பிறகு கச்சான் அடிக்கத் தொடங்கினால் (சாப்பிடுகிற கச்சான் இல்லை, தென்மேற்கு அனல் காற்று) ஊரே ஒரே நாளில் போன் எடுக்கும். அதற்கு முன்னமே ஆட்களைப் பிடித்து ஒழுங்காக அடுக்க வேண்டும்.

முதலில் கையில் எத்தனை இடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு பேர், ஒரு ஓட்டோ. உள்ளே உள்ள கொயிலையும் வெளியே உள்ள யூனிட்டையும் தண்ணீர் பீச்சிக் கழுவி, ட்ரெயின் குழாயை ஊதி முடிக்க ஒன்றரை மணி நேரம் போகும். நாளுக்கு நாலு வீடு. அதில் ஒன்றை, திடீரென்று தண்ணீர் ஒழுகுது என்று கூப்பிடுபவர்களுக்கு ஒதுக்கினால் மூன்று. கிழமைக்கு ஆறு நாள், 18 வீடு. மார்ச் தொடக்கத்திலிருந்து புதுவருசம் வரை ஆறு கிழமை என்றால் 108. இந்த 108ஐ யாருக்கு, எந்த வழியால் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

முதல் வருசம் பேஸ்புக்கில் பளபளப்பான போஸ்டர் போட்டோம். “இந்தக் கிழமை 18 இடம் மட்டும்” என்று படத்துக்குள்ளேயே எழுத்து. மூன்று நாளில் 18ம் முடிந்தது. ஆனால் படத்தில் எழுதியதை மாற்ற ஏலாது. ஆட்கள் அதை ஷெயார் பண்ண, இரண்டு கிழமை கழித்தும் “இடம் இருக்கா?” என்று அழைப்பு வந்தது. அதைவிட மோசம், ஒரே காலையில் கிண்ணியாவில் ஒரு வீடும் நிலாவெளியில் ஒரு வீடும் விழுந்தது. ஒன்று நகருக்குத் தெற்கே, மற்றது வடக்கே. ஓடின ஓட்டத்தில் ஒரு இடம் கரைந்தது.

வட்ஸ்அப் ஸ்டேட்டஸ் இந்தக் கோளாறைத் தானாகவே தீர்க்கிறது. 24 மணி நேரத்தில் மறைந்துவிடுவதால் பழைய கணக்கு யார் கையிலும் தங்காது. “நாளை உப்புவெளி, பின்னேரம் ஒரு இடம்” என்று போட்டால் போதும். ஆனால் நம்பரை சேவ் பண்ணி வைத்திருப்பவர்களுக்குத்தான் அது தெரியும்; அவர்களிலும் பாதிப் பேர் பார்க்க மாட்டார்கள். ஆகவே கடைசியில் மிஞ்சிய ஒன்றிரண்டு இடத்தை நிரப்பத்தான் அது.

என் கட்சி தனி மெசேஜ்தான். வேலைக் கொப்பியில் போன வருசத்துத் திகதி, பகுதி, யூனிட் நிற்கும் இடம் எல்லாம் இருக்கிறது. அதைப் பார்த்து இப்படி எழுதுவேன்:

“வணக்கம் அண்ணா. போன வருசம் மார்ச்சில உங்கட ஹோல் ஏசிக்கு சேர்விஸ் செய்தனாங்கள். வாற 10ஆம் திகதி செவ்வாய்க்கிழமை உங்கட பக்கம் வாறம். காலமை 9 மணியும் பின்னேரம் 2 மணியும் இருக்கு. எது வசதி? வேண்டாம் எண்டாலும் ஒரு சொல் போடுங்கோ, அடுத்த ஆளுக்குக் குடுக்கலாம்.”

கடைசி வரிக்குத்தான் ஆகக் கூடுதலான பதில் வரும். பேசாமல் இருப்பவர்தான் இடத்தைப் பூட்டி வைப்பவர்.

பிராட்காஸ்ட் லிஸ்டில் ஒரேயடியாக அனுப்பலாமே என்று மச்சான் கேட்டார். நம்பரை சேவ் பண்ணாதவருக்கு அது போய்ச் சேராது. அவரவர் திகதியையும் அதில் போட முடியாது. பெரிய சிக்கல் வேறு: 200 பேருக்கு ஒன்றாக அனுப்பினால் 18 இடத்துக்கு 60 பேர் அடிபடுவார்கள். நான் இரண்டு நாளுக்குரிய 6 இடத்துக்கு, ஒரே பகுதியில் 10 பேருக்கு மட்டும் அனுப்புவேன். மாலை வரை பார்த்து, மிச்சமிருந்தால் அடுத்த ஐந்து பேருக்கு. “ஓம்” சொன்னவரிடம் வெளி யூனிட்டின் படம் கேட்பேன். மேல்மாடிச் சுவரில் தொங்கினால் ஏணி வேண்டும், நேரம் இரட்டிக்கும். அது இரண்டு இடமாகத்தான் கணக்கு. கடலோர வீடென்றால் படத்திலேயே தகட்டில் உப்பு அரித்திருப்பதும் தெரியும்.

இடம் இருக்கும்போதே “இரண்டுதான் மிச்சம்” என்று புளுகுவதைச் சிலர் கெட்டித்தனம் என்கிறார்கள். திருகோணமலை அவ்வளவு பெரிய ஊரில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மறுநாளே இடம் எடுத்ததை மதிலுக்கு மேலால் கதைத்துவிடுவார்கள்.

கொப்பியே இல்லாத புதுத் தொழில்காரருக்கு மட்டும் பேஸ்புக்தான் வழி. அப்போதும் படத்தில் பெயர், நம்பர், எந்தக் கிழமை எந்தப் பகுதி என்பது மட்டும் இருக்கட்டும். இடக்கணக்கைப் படத்துக்கு மேலே உள்ள வரியில் எழுதினால் எடிட் பண்ணலாம். நிரம்பியதும் “புதுவருசத்துக்குப் பிறகு வாற கிழமைக்குப் பெயர் எழுதுறம்” என்று மாற்றிவிடலாம். மே மாதம் நிலாவெளி ஹோட்டல்களில் ஆட்கள் நிறையத் தொடங்கினால் அந்த வேலையே கையைப் பிடிக்கும். அதனால் அந்தப் பெயர்ப் பட்டியலையும் ஏப்ரலோடு மூடிவிடுவோம்.