லக்ராஞ்ச் மீதி, நெடுநாள் புழக்கத்தில்: ln 1.5-க்குக் கைகொடுக்கும், ln 0.5-க்குக் கைவிரிக்கும்

ஒரு சார்பை ஒரு புள்ளியை ஒட்டிப் பல்லுறுப்புக்கோவையாக விரிக்க டெய்லர் 1715-இல் வழி சொல்லிவிட்டார். எந்தப் படியோடு நிறுத்தினால் பிழை எவ்வளவுக்குள் அடங்கும் என்ற கேள்விக்கு இன்றும் முதலில் கைக்கு வருவது லக்ராஞ்ச் 1797-இல் கொடுத்த மீதிச் சூத்திரம். தினசரிக் கணக்கில் அது எங்கே உழைக்கிறது, எங்கே காலை வாருகிறது என்பதைக் காட்ட இயல் மடக்கை ஒன்றே போதும். sin, cos, eˣ மூன்றிலும் இந்தச் சூத்திரம் மிகவும் சாதுவாக நடந்துகொள்ளும், அதனால் அதன் குணம் அங்கே வெளியே தெரியாது.

சூத்திரம் இதுதான்:

```
R_n(x) = f^(n+1)(c) · (x − a)^(n+1) / (n+1)!
```

a என்பது மையம், x என்பது மதிப்பு வேண்டிய இடம். c இவ்விரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கிறது, எங்கே என்று சூத்திரம் சொல்லாது. ஆகவே a முதல் x வரை முழு இடைவெளியிலும் (n+1)-ஆம் வகைக்கெழுவின் அளவு எங்கே அதிகமோ, அந்த இடத்தைத்தான் c என்று வைத்துக்கொள்ள வேண்டும். நடைமுறையில் அதிகம் நடக்கும் தவறு இங்கேதான். a-இல் வகைக்கெழுக்களை ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருப்பதால், அதே மதிப்பை மீதியிலும் போட்டுவிடுவார்கள். சில நேரம் விடை தற்செயலாகச் சரியாகவே வரும், அதனால் பழக்கம் ஒட்டிக்கொள்ளும்.

முதலில் அது ஒழுங்காக வேலை செய்யும் இடம். ln 1.5 வேண்டும், பிழை 10⁻⁶-க்கு மேல் போகக் கூடாது. மையம் 1. ln x-இன் (n+1)-ஆம் வகைக்கெழு, குறியை விட்டுவிட்டால், n!/xⁿ⁺¹. இதை மீதியில் போட்டால் n! அடிபட்டு, மிச்சம் இப்படி நிற்கும்:

```
|R_n| = (1/(n+1)) · (0.5/c)^(n+1),   1 ≤ c ≤ 1.5
```

c சிறிதாக இருக்கும்போதுதான் இது பெரிதாகும், ஆகவே மோசமான இடம் c = 1. மேல்வரம்பு 0.5ⁿ⁺¹/(n+1). n = 14 என்றால் சுமார் 2.03 × 10⁻⁶, போதாது. n = 15 என்றால் 9.54 × 10⁻⁷, போதும். உண்மையில் 15 உறுப்புகளைக் கூட்டிப் பார்த்தால் பிழை சுமார் 6.5 × 10⁻⁷. 14-இல் நிறுத்தினால் அது சுமார் 1.4 × 10⁻⁶ ஆகிவிடுகிறது. அதாவது சூத்திரம் ஓர் உறுப்பைக்கூட வீணாகக் கேட்கவில்லை. இங்கே மோசமான இடமும் மையமும் ஒன்றாக அமைந்ததால், மேலே சொன்ன தவறைச் செய்தவருக்கும் இதே விடைதான் கிடைத்திருக்கும்.

இப்போது ln 0.5. மையத்திலிருந்து தூரம் அதே 0.5, திசை மட்டும் மாறுகிறது. c இனி 0.5-க்கும் 1-க்கும் நடுவே. மோசமான இடம் c = 0.5, அங்கே 0.5/c என்பது சரியாக 1. மேல்வரம்பு வெறும் 1/(n+1). இது 10⁻⁶ ஆக வேண்டுமானால் n = 9,99,999 வரை போக வேண்டும்!

தொடரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. அடுத்தடுத்த உறுப்புகள் ஏறக்குறையப் பாதி பாதியாகக் குறைந்துகொண்டுதான் வருகின்றன. நேரடியாகக் கூட்டினால் n = 16-இலேயே பிழை சுமார் 8.5 × 10⁻⁷. சிக்கல் முழுக்க மேல்வரம்பில்தான். வகைக்கெழு x = 0.5 பக்கம் பயங்கரமாக உயர்கிறது, (x − a)ⁿ⁺¹ என்ற பகுதியோ c எங்கே இருந்தாலும் தன் முழு அளவிலேயே நிற்கிறது. உண்மையான c 0.5-இல் நிற்பதே இல்லை, ஆனாலும் அந்த உச்சத்தையே எடுத்துப் பெருக்கும்போது, நிகழாத கெடுதல் ஒன்று கணக்கில் ஏறிவிடுகிறது.

இன்னும் சற்று இடப்பக்கம் நகர்ந்தால் வேடிக்கை அதிகம். x = 0.4, n = 10 என்று வைத்துக்கொண்டால் லக்ராஞ்ச் வரம்பு 1.5¹¹/11, ஏறக்குறைய 7.9. n கூடக் கூட இது ஏறிக்கொண்டே போகும். உண்மைப் பிழையோ 0.0009-க்கும் கீழே. ‘வரம்பு விரிகிறது, ஆகவே தொடரும் விரியும்’ என்று முடிவுகட்டி மையத்தை மாற்றக் கிளம்புவது இந்த இடத்தில் வீண் வேலை. பிரித்தறிய எளிய வழி உண்டு: வரம்பைப் பார்க்காமல் உறுப்புகளைப் பாருங்கள். x = 0.4-இல் உறுப்புகளின் விகிதம் 0.6-ஐ நோக்கிப் போகிறது, தொடர் நலம். x = 2.5-இல் விகிதம் 1.5-ஐ நோக்கிப் போகிறது. அங்கே உறுப்புகளே வீங்குகின்றன, எந்த மீதிச் சூத்திரத்தாலும் காப்பாற்ற முடியாது.

ln 0.5-க்கு மாற்று வழி இரண்டு. ஒன்று, கோஷியின் மீதி வடிவம். அதில் (x − a)ⁿ⁺¹ இருந்த இடத்தில் (x − c)ⁿ(x − a) வரும், கீழே (n+1)! போய் n! நிற்கும். c, 0.5-ஐ நெருங்கும்போது வகைக்கெழு உயர்ந்தாலும் (x − c)ⁿ சுருங்கி அதை ஈடுகட்டிவிடுகிறது. (c − 0.5)/c என்பது இந்த இடைவெளியில் 0.5-ஐத் தாண்டாது, 1/c என்பது 2-ஐத் தாண்டாது, |x − a| = 0.5. முதலாவதன் n-ஆம் அடுக்கை மற்ற இரண்டோடு பெருக்கினால் வரம்பு 0.5ⁿ. n = 20 போதும். பத்து லட்சத்தை ஒட்டி நின்ற எண் இருபதுக்கு இறங்கிவிட்டது, சார்பும் மாறவில்லை, மையமும் மாறவில்லை.

இரண்டாவது வழி இன்னும் சாதாரணமானது. விடுபட்ட உறுப்புகள் 0.5ᵏ/k என்று ஒரே குறியில் வருகின்றன. கீழே உள்ள k எல்லாவற்றுக்கும் பதிலாக n+1 என்றே போட்டால், மிஞ்சுவது பெருக்குத் தொடர். கூடுதல் 2 · 0.5ⁿ⁺¹/(n+1). n = 16-இல் இது 8.98 × 10⁻⁷. உண்மைப் பிழையோடு ஒட்டி நிற்கும் வரம்பு இதுதான். உறுப்புகளின் வடிவம் கையில் இருக்கும்போது மீதிச் சூத்திரத்துக்கே போகத் தேவையில்லை என்பது பலருக்கு ஏனோ தோன்றுவதில்லை.

சரிபார்க்க:

```python
from math import log

def tln(x, n):
    h = x - 1
    return sum((-1)**(k+1) * h**k / k
               for k in range(1, n+1))

print(abs(tln(1.5, 15) - log(1.5)))
print(abs(tln(0.5, 16) - log(0.5)))
```

முதல் வரி 6.5e-07-ஐ ஒட்டியும் இரண்டாவது 8.5e-07-ஐ ஒட்டியும் வரும்.

கையால் கணக்கிடும்போது இன்னொரு கசிவு உண்டு. மீதிச் சூத்திரம் தரும் பிழை, விட்ட உறுப்புகளால் வருவது மட்டுமே. எழுதிய உறுப்புகளை ரவுண்ட் செய்ததால் வரும் பிழை அதில் சேராது. ln 1.5-க்கு 15 உறுப்புகளையும் 6 தசம இடத்துக்கு ரவுண்ட் செய்தால், ஒவ்வொன்றும் 0.5 × 10⁻⁶ வரை பிசகலாம், மொத்தம் 7.5 × 10⁻⁶ வரை போகலாம். 8 இடம் வைத்துக்கொண்டால் இது 0.75 × 10⁻⁷-க்குள் இருக்கும். ஆனால் 9.54 × 10⁻⁷-உடன் சேர்த்தால் கூட்டுத்தொகை 10⁻⁶-ஐ மயிரிழையில் தாண்டிவிடும். போதாக்குறைக்கு, இறுதி விடையை 6 இடத்துக்கு ரவுண்ட் செய்தால் அதுவே 5 × 10⁻⁷ வரை சாப்பிட்டுவிடும். எனவே 10⁻⁶ முழுவதையும் மீதிக்கே தாரைவார்க்கக் கூடாது. n = 16 எடுத்தால் மீதி 4.49 × 10⁻⁷-க்குள், 9 இடம் வைத்தால் உறுப்புகளின் ரவுண்ட் பிழை 0.08 × 10⁻⁷-க்குள், இறுதி ரவுண்ட் பிழை 5 × 10⁻⁷. மொத்தம் 9.57 × 10⁻⁷. ஓர் உறுப்பு கூடியது, கணக்கு நிலைத்தது.

இவ்வளவு செய்த பிறகும், ln 1.5-க்குப் பதினாறு உறுப்பு என்பது கொஞ்சம் அதிகம்தான். துல்லியம் கூடக் கேட்டால் படியை ஏற்றுவதைவிட, தூரத்தைக் குறைப்பது எப்போதும் மலிவு. t = (x − 1)/(x + 1) என்று வைத்தால்,

```
ln x = 2 (t + t^3/3 + t^5/5 + t^7/7 + …)
```

x = 1.5 என்றால் t = 0.2. t² = 0.04 என்பதால் ஒவ்வோர் உறுப்பும் முந்தையதில் இருபத்தைந்தில் ஒரு பங்குக்கும் கீழே போகிறது. t⁷ வரை நான்கே உறுப்பு:

0.2 + 0.002666667 + 0.000064 + 0.000001829 = 0.202732496. இரட்டித்தால் 0.405464992.

மீதிக்கு அதே பெருக்குத் தொடர் உத்தி: 2 · 0.2⁹/9-ஐ 0.96-ஆல் வகுத்தால் 1.19 × 10⁻⁷. உண்மை மதிப்பு 0.405465108, வித்தியாசம் சுமார் 1.2 × 10⁻⁷. t⁵-உடன் நிறுத்தியிருந்தால் வரம்பு 3.8 × 10⁻⁶, தேறாது.

ln 0.5-க்கு இதே சூத்திரத்தில் t = −1/3. t¹¹ வரை ஆறு உறுப்பு, வரம்பு சுமார் 1.1 × 10⁻⁷. t⁹-உடன் நிறுத்தினால் 1.15 × 10⁻⁶, கொஞ்சத்தில் தவறிப்போகும். வலப்பக்கம், இடப்பக்கம் என்ற பாகுபாடும் இதில் ஒழிகிறது: x-க்குப் பதில் 1/x போட்டால் t-இன் குறி மட்டும் மாறும், உறுப்புகளின் அளவு அப்படியே இருக்கும்.

இந்த வடிவத்துக்கு லக்ராஞ்ச் மீதியை நேரே போட முனைய வேண்டாம். உயர் வகைக்கெழுக்கள் அலங்கோலமாக வரும். இரட்டைப் படி உறுப்புகள் இல்லாததால் எந்த n-ஐ எடுப்பது என்ற குழப்பமும் சேரும். sin x-இலும் அதே குழப்பம் உண்டு. x⁵ வரை எழுதிய கோவை ஐந்தாம் படிக்கும் ஆறாம் படிக்கும் ஒன்றே, அதனால் R₅-ஐ விட்டு R₆-ஐ எடுத்தால், அதாவது |x|⁷/7! என்று போட்டால், சிறிய x-க்கு வரம்பு இறுகிவிடும். sin-இன் எந்த வகைக்கெழுவும் அளவில் 1-ஐத் தாண்டாது. c-ஐத் தேடி அலையும் வேலை அங்கே கிடையாது.