‘ஒரே ஃபார்முலா போதும்’ என்று சொல்லும் வகுப்பில் கட்டணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

போட்டித் தேர்வுக்கான கணக்குப் பயிற்சி என்று சொல்லி நடத்தப்பட்ட ஓர் இணையவழி வகுப்பில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். கலவைக் கணக்குகளில் அவர்கள் சொல்லிக்கொடுத்ததை அப்படியே நம்பிப் போய், தேர்வில் இரண்டு கேள்விகளுக்குத் தப்பான விடையைக் குறித்துவிட்டு வந்தேன். தெரியாமல் விட்டிருந்தால் தவறான விடைக்கான மதிப்பெண் கழிவிலிருந்தாவது தப்பியிருப்பேன். சரியாகத்தான் போட்டோம் என்ற முழு உறுதியோடு தப்பு செய்ததுதான் இன்னும் ஆறவில்லை.

ஒரு பாத்திரத்தில் உள்ள திரவத்தில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு, இன்னொரு திரவத்தை ஊற்றி, இதையே திரும்பத் திரும்பச் செய்தால் கடைசியில் என்ன விகிதம்? இந்த வகைக் கணக்கு எது வந்தாலும் இது ஒன்றே போதும் என்றார்கள்:

V(1 − x/V)ⁿ

V பாத்திரத்தின் மொத்த அளவு, x ஒவ்வொரு முறையும் எடுப்பது, n எத்தனை முறை. 40 லிட்டர் அமிலம் இருக்கிறது, 4 லிட்டர் எடுத்துவிட்டு அதே அளவு தண்ணீர் ஊற்றுகிறோம், மொத்தம் மூன்று முறை. 40-ஐ 9/10-ஆல் மூன்று முறை பெருக்கினால் 29.16 லிட்டர் அமிலம். மீதி 10.84 தண்ணீர். விகிதம் 729 : 271. இது சரியான விடைதான். இதே அச்சில் இருபது கணக்கு கொடுத்தார்கள். எல்லாமே சுத்தமான திரவத்தில் தொடங்கும், எடுத்த அளவே ஊற்றுவார்கள். இருபதும் சரியாக வந்ததால் பாடம் கைவந்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்போதே ஒரு சந்தேகம் கேட்டேன். மூன்று முறை நாலு நாலு லிட்டர் எடுத்தால் 12 லிட்டர் அமிலம் போய் 28 அல்லவா இருக்க வேண்டும், எதற்கு 9/10-ஆல் பெருக்குகிறோம் என்று. “காரணம் தேடினால் தேர்வில் நேரம் போதாது, எண்ணைப் போடுங்கள், விடை வந்துவிடும்” என்று பதில் வந்தது. சொல்ல நினைத்திருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். இரண்டாம் முறை எடுக்கும் 4 லிட்டர் முழுக்க அமிலம் இல்லை, கலவை. அதில் 3.6 லிட்டர்தான் அமிலம். மூன்றாம் முறை 3.24. ஆக வெளியே போனது 4 + 3.6 + 3.24 = 10.84. கலவையில் பத்தில் ஒரு பங்கை எடுத்தால் அதில் உள்ள எல்லாமே பத்தில் ஒரு பங்கு குறையும். அமிலத்தைத் திரும்ப ஊற்றாததால் அந்தக் குறைவு அப்படியே நிற்கிறது. ஃபார்முலாவின் உயிரே இந்த ‘திரும்ப ஊற்றாததால்’தான். அதைத்தான் அவர்கள் சொல்லவே இல்லை.

தேர்வில் வந்த முதல் கேள்வி இப்படி: 60 லிட்டர் கலவையில் அமிலமும் தண்ணீரும் 2 : 1. அதில் 12 லிட்டர் எடுத்துவிட்டு 12 லிட்டர் அமிலம் ஊற்றுகிறார்கள். இதையே இன்னொரு முறை செய்கிறார்கள். கடைசி விகிதம்?

கேள்வியில் முதலில் சொல்லப்படும் திரவத்துக்கு ஃபார்முலாவைப் போடு என்பது வகுப்பில் எழுதிவாங்கிய குறிப்பு. கலவையில் தொடங்குவதால், ஃபார்முலாவின் முன்னால் உள்ள V-யின் இடத்தில் அமிலத்தின் அளவான 40 லிட்டர். இரண்டு முறை 4/5-ஆல் பெருக்கினால் 25.6. மீதி 34.4. விகிதம் 32 : 43. அந்த விடை ஆப்ஷனிலும் இருந்தது. குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது. ஊற்றியது அமிலம். தண்ணீரைப் போல இரு மடங்கு இருந்த அமிலம், மேலும் அமிலம் ஊற்றிய பிறகு தண்ணீரைவிடக் குறையுமா? இங்கே திரும்ப ஊற்றப்படாதது தண்ணீர். அதைத்தான் பின்தொடர்ந்திருக்க வேண்டும். 20 லிட்டர் தண்ணீர் முதல் முறையில் 16 ஆகிறது, இரண்டாம் முறையில் 12.8. மொத்தம் 60 மாறவில்லை, எனவே அமிலம் 47.2. விகிதம் 59 : 16. பெருக்க வேண்டிய பின்னம் அதே 4/5தான். எந்தத் திரவத்தோடு பெருக்குவது என்பதில்தான் எல்லாம் கவிழ்ந்தது.

இரண்டாவது கேள்வியில் சுத்தமான அமிலம் 30 லிட்டர். ஒவ்வொரு முறையும் 10 லிட்டர் எடுத்து, 5 லிட்டர் தண்ணீர் மட்டுமே ஊற்றுகிறார்கள், இரண்டு முறை. நான் 30-ஐ 2/3-ஆல் இரண்டு முறை பெருக்கி, அமிலம் 13⅓, தண்ணீர் 16⅔ என்று 4 : 5 குறித்தேன். மொத்தம் ஊற்றிய தண்ணீரே 10 லிட்டர்தான், பாத்திரத்தில் 16⅔ எப்படி வரும்? ஒரு நொடி நின்று பார்த்திருந்தால் பிடிபட்டிருக்கும். ஆனால் V மாறக்கூடும் என்று வகுப்பில் ஒரு வார்த்தைகூட வரவில்லை, அதனால் அப்படிப் பார்க்கவே தோன்றவில்லை. முதல் முறைக்குப் பிறகு பாத்திரத்தில் 25 லிட்டர்தான் இருக்கிறது, அதில் அமிலம் 20. அடுத்து 10 லிட்டர் எடுத்தால் தங்குவது 15/25, அதாவது 3/5. அமிலம் 12. மறுபடி 5 லிட்டர் தண்ணீர் ஊற்றினால் மொத்தம் 20, தண்ணீர் 8. விகிதம் 3 : 2. ஒவ்வொரு முறையும் பின்னம் வேறு என்பதால் அடுக்கு போட இடமே இல்லை, தனித்தனியாகத்தான் பெருக்க வேண்டும்.

இரண்டு கணக்கையும் படிப்படியாக எழுதி அனுப்பி, உங்கள் குறிப்பு தவறு, மற்ற மாணவர்களுக்காவது திருத்திக் கொடுங்கள் என்று கேட்டேன். “இவை வழக்கமான மாதிரியில் வராத கேள்விகள்” என்று ஒரு வரி வந்தது. கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்டதற்குப் பதிலே இல்லை. குறிப்பேட்டின் புதிய பதிப்பை நண்பர் ஒருவர் காட்டினார். ‘முதலில் சொல்லப்படும் திரவத்துக்கு’ என்ற அந்த வரி அப்படியே இருக்கிறது. இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தது அதைப் பார்த்த பிறகுதான்.

பல வகுப்புகளில் பணம் கட்டும் முன் இலவச மாதிரி வகுப்பு ஒன்று இருக்கும். அதில் மேலே உள்ள 60 லிட்டர் கணக்கைக் கேளுங்கள். எண்களை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் கலவையில் தொடங்கி, முதலில் சொன்ன திரவத்தையே ஊற்றுவதாக இருக்கட்டும். சொல்லிக்கொடுப்பவர் “எதை ஊற்றுகிறார்கள்?” என்று முதலில் பார்க்கிறாரா, நேராக V, x, n என்று எண்களை நிரப்பத் தொடங்குகிறாரா என்று கவனியுங்கள். 32 : 43 என்று முடித்தால் வெளியே வந்துவிடுங்கள். ஏற்கெனவே அந்தக் குறிப்பை வைத்துப் படித்துக்கொண்டிருப்பவர்கள் அந்த வரியை இன்றே அடித்துவிட்டு, ‘திரும்ப ஊற்றாத திரவத்துக்கு’ என்று மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே ‘எடுத்த அளவே ஊற்றினால் மட்டும்’ என்றும் எழுதுங்கள்.