மலிவுப் பணத்தில் கட்டிய கயிறு: லண்டன், பிராங்க்ஃபர்ட், புடாபெஸ்ட்

மத்திய வங்கி வட்டியைக் கிட்டத்தட்ட சுழியத்துக்கு இறக்கிவிட்ட பிறகும் ஊரில் ஒரு பட்டறைக்காரருக்கு 7 சதவீதத்துக்குக் குறைந்து கடன் கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வது? இதற்கு ஒரு வழக்கமான பதில், மத்திய வங்கியே அரசுப் பத்திரங்களை வாங்கிச் சந்தையில் பணத்தைக் கொட்டுவது. இன்னொரு பதில்தான் இங்கே நாம் பார்க்கப்போவது. வங்கிகளுக்குப் பல ஆண்டுத் தவணையில் மலிவாகப் பணம் கொடுத்து, "நீ வெளியே கடன் கொடுத்தால்தான் இந்தச் சலுகை" என்று ஒரு கயிற்றைக் கட்டிவிடுவது.

கயிறு கட்டுவது என்று முடிவான பிறகு மிஞ்சுவது ஒரே கேள்விதான்: அதை எதில் கட்டுவது? பிரிட்டன் கடன் கொடுத்த அளவில் கட்டியது. ஐரோப்பிய மத்திய வங்கி, இலக்கைத் தொட்டவருக்குக் கிடைக்கும் பரிசில் கட்டியது. ஹங்கேரி ஒவ்வொரு கடனின் வட்டியிலும் தனித்தனியாகக் கட்டியது. மூன்றும் ஒரே மருந்துபோலப் பேசப்படுகின்றன. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

முதலில் லண்டன். 2012 ஜூலையில் இங்கிலாந்து வங்கியும் நிதியமைச்சகமும் சேர்ந்து 'கடனுக்கு நிதி' என்ற திட்டத்தை அறிவித்தன. இதில் ரொக்கமே கைமாறவில்லை என்பது பலரும் கவனிக்காத விஷயம். வங்கி தன்னிடமிருக்கும் கடன்களை ஈடாக வைக்கும். பதிலுக்கு 9 மாத அரசுக் கருவூல உண்டியல்கள் என்ற குறுகியகாலக் கடன்பத்திரங்களை வாங்கிக்கொண்டு, அவற்றைச் சந்தையில் அடகு வைத்துப் பணம் திரட்டும். இப்படி நான்கு ஆண்டு வரை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

கணக்கு இப்படி. ஒரு வங்கியின் மொத்தக் கடன் 10,000 கோடி பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். அதில் 5 சதவீதம், அதாவது 500 கோடி, எடுத்த எடுப்பில் கிடைக்கும். கடன் 200 கோடி வளர்ந்தால் அந்த 200 கோடிக்கும் கூடுதலாக எடுக்கலாம். கடனைக் குறைக்காமல் வைத்திருந்தால் கட்டணம் ஆண்டுக்கு 0.25 சதவீதம். ஒவ்வொரு 1 சதவீதச் சரிவுக்கும் கட்டணம் 0.25 ஏறும். 3 சதவீதம் சுருங்கினால் 1 சதவீதக் கட்டணம், 5 சதவீதம் சுருங்கினால் 1.5. அதற்கு மேல் ஏறாது.

கச்சிதமான ஏற்பாடுதான். ஓட்டை எங்கே என்றால், 'கடன்' என்ற சொல்லுக்குள் வீட்டுக்கடனும் இருந்தது. அன்றைய பொதுவான மூலதன விதிப்படி 100 பவுண்டு வீட்டுக்கடனுக்கு வங்கி சுமார் 2.80 பவுண்டு சொந்த மூலதனம் ஒதுக்கினால் போதும். தரமதிப்பீடு இல்லாத நிறுவனத்துக்குக் கொடுத்தால் 8 பவுண்டு ஒதுக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே சலுகை என்றால் எந்த மேலாளர் பட்டறைப் பக்கம் போவார்? வீட்டுக்கடன் வட்டி இறங்கியது, வீட்டு விலை ஏறியது, சிறு நிறுவனங்களின் நிகரக் கடனோ சுருங்கிக்கொண்டே இருந்தது. 2013 ஏப்ரலில் கயிற்றை இழுத்துப் பார்த்தார்கள். அந்த ஆண்டு சிறு நிறுவனங்களுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 10 பவுண்டு எடுக்கலாம் என்றார்கள். நவம்பரில் வீட்டுக்கடனுக்கான சலுகையையே வெட்டினார்கள். 2014 பிப்ரவரியிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. அதற்குள் 4,000 கோடி பவுண்டுக்குப் பக்கத்தில் எடுத்தாகிவிட்டது.

நிகரக் கணக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. புதிதாகக் கொடுத்ததிலிருந்து திரும்பி வந்ததைக் கழித்தால் வருவதுதான் நிகரக் கடன். 2008-க்கு முன்னால் வணிகக் கட்டடங்களுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு, இப்போது அதை வசூலித்துக்கொண்டிருக்கும் வங்கி, நல்ல தொழில்களுக்குப் புதுக்கடன் கொடுத்தாலும் கணக்கில் சுருங்கியதாகத்தான் தெரியும். இங்கிலாந்து வங்கி ஒவ்வொரு வங்கியின் எண்ணையும் காலாண்டுதோறும் வெளியிட்டது. அது நல்ல பழக்கம். ஆனால் அந்த ஒற்றை எண்ணை வைத்து வங்கியின் நடத்தையைப் படிக்க முடியாது.

பிராங்க்ஃபர்ட்டில் இருக்கும் ஐரோப்பிய மத்திய வங்கி இந்த வீட்டுக்கடன் பாடத்தைப் படித்துவிட்டுத்தான் 2014-இல் களத்தில் இறங்கியது. இலக்கு வைத்து வங்கிகளுக்கு நீண்டகாலத்துக்குப் பணம் கொடுக்கும் டி.எல்.டி.ஆர்.ஓ. என்ற திட்டத்தில் வீடு வாங்கும் கடனை ஆரம்பத்திலேயே கணக்கிலிருந்து விலக்கிவிட்டார்கள். முதல் சுற்றில் வங்கிகள் எடுத்தது வெறும் 8,260 கோடி யூரோ. அந்த ஆண்டின் இரண்டு சுற்றுகளுக்கும் சேர்த்து 40,000 கோடி வரை இடமிருந்தது. சந்தைக்கு ஏமாற்றம். அடுத்தடுத்த வடிவங்களில் பரிசை ஏற்றிக்கொண்டே போனார்கள். 2016-இல் இலக்கைத் தாண்டிய வங்கிக்கு மைனஸ் 0.40 சதவீத வட்டி, அதாவது கடன் வாங்கியதற்கு மத்திய வங்கி காசு கொடுக்கும்.

2020 ஜூனில் வட்டி மைனஸ் 1 சதவீதம். அந்த ஒரே சுற்றில் 742 வங்கிகள் 1.31 லட்சம் கோடி யூரோவை வாரிக்கொண்டு போயின. நிபந்தனை என்னவென்றால், கடன் அளவு ஒரு கோட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. ஏற வேண்டும் என்றுகூட இல்லை. அந்த நேரத்தில் பெருந்தொற்றுக்கு அஞ்சிய நிறுவனங்கள் தாமாகவே கடன் வாங்கிக் குவித்தன, பல நாடுகளில் அரசும் உத்தரவாதம் கொடுத்தது. கோட்டைத் தாண்டுவது பெரிய சாதனையாக இல்லை.

அந்தச் சமயத்தில் ஒரு வங்கி 100 கோடி யூரோ வாங்கி ஒன்றுமே செய்யாமல் மத்திய வங்கியிலேயே திரும்பப் போட்டு வைத்திருந்தால் என்ன ஆகும்? கடனுக்கு ஆண்டுக்கு 1 கோடி வரவு. வைப்புக்கு மைனஸ் 0.5 என்பதால் 50 லட்சம் செலவு. மிச்சம் 50 லட்சம் யூரோ சும்மா லாபம். வழக்கமான கடன் குறையாமல் இருந்தால் போதும், இந்தப் பணத்திலிருந்து ஒரு யூரோகூட வெளியே போக வேண்டியதில்லை.

அதைவிடப் பெரிய கோளாறு 2022-இல்தான் தெரிந்தது. மைனஸ் 1 சதவீதச் சலுகைக்காலம் முடிந்த பிறகு, கடனின் ஆயுள் முழுவதும் இருந்த வைப்பு வட்டியின் சராசரியே வட்டி என்று எழுதியிருந்தார்கள். 2020 ஜூனில் வாங்கிய கடனுக்கு 36 மாதத்தில் 25 மாதம் மைனஸ் அரை சதவீதக் காலம். அதனால் கடைசியில் வட்டி எவ்வளவு ஏறினாலும் சராசரி சுழியத்தை ஒட்டியே நிற்கும். வைப்பு வட்டியோ 1.5 சதவீதத்தைத் தொட்டது. பணவீக்கத்தை அடக்க வட்டி ஏற்றுகிற அதே மத்திய வங்கி, இன்னொரு கையால் வங்கிகளுக்கு ஆபத்தே இல்லாத லாபத்தை அளந்து கொடுத்துக்கொண்டிருந்தது. 2022 அக்டோபர் 27-இல் பாதி வழியில் ஒப்பந்தத்தின் வட்டி விதியை மாற்றினார்கள். நவம்பர் 23 முதல் அன்றன்றைய வட்டிதான். வங்கிகள் முணுமுணுத்தபடி திருப்பிக் கட்டத் தொடங்கின. என் பார்வையில் இது தவிர்த்திருக்கக்கூடிய அவமானம். தவணை நீளமாக இருந்தால் பரிசுக்கு முடிவுநாளும் வட்டிக்கு அன்றாடக் கணக்கும் முதல் நாளே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இனி புடாபெஸ்ட். மூன்றிலும் இதுதான் எனக்குச் சுவாரசியமானது, அளவில் சிறியது என்றாலும். 2013 ஜூனில் ஹங்கேரி மத்திய வங்கி சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான வளர்ச்சிக் கடன் திட்டத்தைத் தொடங்கியது. வங்கிக்கு 0 சதவீதத்தில் பணம், 10 ஆண்டு வரை. அதை வங்கி அதிகபட்சம் 2.5 சதவீதத்துக்குத்தான் நிறுவனத்துக்குக் கொடுக்கலாம், கட்டணம் கிட்டணம் எல்லாம் அதற்குள் அடக்கம். மத்திய வங்கியின் அடிப்படை வட்டியே 4 சதவீதத்துக்கு மேல் இருந்த ஊரில் இது.

மற்ற இரண்டிலும் மலிவு வங்கியோடு நின்றுவிட்டதா, கடன் வாங்கியவர் வரை போனதா என்று பொருளியலாளர்கள் ஆராய்ச்சி செய்துதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இங்கே கடன் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

விலை இல்லாமல் இது நடக்குமா? அந்த 2.5 சதவீதத்துக்குள்தான் வங்கியின் செலவு, லாபம், கொடுத்த கடன் திரும்பி வராமல் போகும் ஆபத்து எல்லாமே அடங்க வேண்டும். ஆண்டுக்கு 40 கடனில் ஒன்று முழுசாக மூழ்கினாலே மொத்த வரவும் போய்விடும். அதனால் வங்கிகள் எப்படியும் கடன் கிடைக்கக்கூடிய நல்ல நிறுவனங்களைத்தான் பொறுக்கி எடுத்தன. முதல் கட்டத்தில் பெரும் பங்கு பழைய கடனை, குறிப்பாக வெளிநாட்டு நாணயக் கடனை, மலிவுக் கடனாக மாற்றிக்கொள்ளவே போயிற்று. அந்த நாணயச் சுமையிலிருந்து நிறுவனங்கள் தப்பித்தது நல்லதுதான், அதுவும் திட்டத்தின் நோக்கங்களில் ஒன்றே. ஆனால் அது புது இயந்திரம் வாங்கிய கணக்கில் வராது. இரண்டாம் கட்டத்தில் குறைந்தது 90 சதவீதம் புதுக்கடனாக இருக்க வேண்டும் என்று விதி போட்டார்கள்.

நட்டம் யாருக்கு என்பதும் இங்கே ஒளிவுமறைவில்லை. சுழியத்தில் கொடுத்த பணம் சுற்றிவந்து வங்கிகளின் கையில் உபரியாகச் சேர்ந்து மத்திய வங்கியின் இரண்டு வாரப் பத்திரங்களுக்கே வரும். அதற்கு அடிப்படை வட்டி கொடுத்தாக வேண்டும். சுழிய வட்டி நாட்டில் இந்தத் திட்டம் ஏறக்குறைய இலவசம். 4 சதவீத நாட்டில் அது மானியம். பட்ஜெட்டில் வரவேண்டிய மானியத்தை மத்திய வங்கியின் கணக்கில் ஒளித்து வைத்தார்கள் என்ற விமர்சனத்தை என்னால் தள்ள முடியவில்லை.

என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், வங்கிக்கே பணம் திரட்டுவது கடினமாக இருக்கும் நேரத்தில் லண்டன் வழி, வீட்டுக்கடனை வெட்டிவிட்டு. வட்டிச்சுமைதான் சிறு நிறுவனங்களை அழுத்துகிறது என்றால் புடாபெஸ்ட் வழி, தொகைக்கும் காலத்துக்கும் கண்டிப்பான வரம்போடு. பிராங்க்ஃபர்ட் வழி பீதி நேரத்தில் வேகமாக வேலை செய்யும். அதற்கு மேல் அதற்கு மதிப்பெண் கொடுக்கத் தயங்குவேன்.

வங்கிக்குப் பணம் இருந்தும் பயம் தீராத நேரத்தில் என்ன ஆகும் என்பதற்கு நம் ரிசர்வ் வங்கியே சாட்சி. 2020 மார்ச்சில் ரெப்போ வட்டியில் மூன்று ஆண்டுக்குப் பணம் கொடுத்து, நிறுவனக் கடன்பத்திரங்களில் போடச் சொன்னது. வங்கிகள் பெரும்பாலும் பொதுத்துறை, பெருநிறுவனப் பத்திரங்களாகப் பார்த்து வாங்கின. ஏப்ரலில் இரண்டாவது திட்டம். பாதிப் பணமாவது நுண்கடன் நிறுவனங்களுக்கும் சிறிய, நடுத்தர வங்கிசாரா நிதி நிறுவனங்களுக்கும் போக வேண்டும் என்று கயிற்றை இறுக்கியது. ஏப்ரல் 23 ஏலத்தில் 25,000 கோடி ரூபாய் வைத்தார்கள். வங்கிகள் கேட்டது 12,850 கோடி. நுண்கடன் நிறுவனம் மூழ்கினால் நட்டம் வங்கிக்குத்தானே, ரெப்போ வட்டி அதை ஈடுகட்டுமா?

மே மாதம் மத்திய அரசு சிறு தொழில்களுக்கான அவசரக் கடனுக்கு 100 சதவீத உத்தரவாதம் கொடுத்தது. ரிசர்வ் வங்கி ஒரு ரூபாய்கூட மலிவாகக் கொடுக்காமலே அந்தக் கடன் ஓடியது. அக்டோபரில், முந்தைய இரண்டு திட்டங்களில் வாங்கிய பணத்தைத் தவணைக்கு முன்பே திருப்பித் தரலாம் என்று ரிசர்வ் வங்கி சொன்னபோது, வங்கிகள் மூன்றில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டன.