முக்கோணம் உடையும்போது வொலியூம் சொல்வது: 2020 முதல் என் அனுபவம்

ஒரு நாளின் விலையோட்டத்தைக் காட்டும் பிட்கொயினின் ஒருநாள் கேன்டில் நமது நேரப்படி அதிகாலை 5.30 மணிக்கு மூடுகிறது. கிளிநொச்சியில் அந்த நேரத்துக்குத் தேநீரும் கையுமாக வரைபடத்தைத் திறப்பது 2020 முதல் என் வழக்கம். நான் தேடுவது இரண்டு வடிவங்களைத்தான். உச்சங்கள் ஒரே மட்டத்தில் முட்டி நிற்க, தாழ்வுகள் மட்டும் படிப்படியாக உயர்ந்தால் அது ஏறுமுக்கோணம். உச்சங்கள் இறங்க, தாழ்வுகள் ஏற, இரண்டும் நடுவில் நெருங்கினால் அது சமச்சீர் முக்கோணம்.

நான் முதலில் கற்ற பாடம் 2020இன் ஏறுமுக்கோணம். அவ்வாண்டு பெப்ரவரியில் பிட்கொயின் சுமார் 10,500 டொலரில் முட்டித் திரும்பியிருந்தது. மே மாதம் 8,100 அளவுக்கு இறங்கிய விலை, அதன்பின் ஒவ்வொரு இறக்கத்திலும் சற்று உயரத்திலேயே தாங்கிக்கொண்டது. ஜூன் 1ஆம் திகதி மறுபடி அந்த 10,500 டொலர் கோட்டை நோக்கிப் பாய்ந்தது. விலை கோட்டைத் தாண்டி முக்கோணம் உடைந்துவிட்டது என்று எண்ணி வாங்கினேன். மறுநாள் இரவு சில நிமிடங்களில் ஆயிரம் டொலருக்கு அருகில் சரிந்தது. பிறகு பார்த்தால், 10,500க்கு மேல் ஒருநாள் கேன்டில் மூடவே இல்லை. கோட்டைத் தொட்டதையே உடைப்பாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலையில் விலை 9,200ஐச் சுற்றியே கிடந்தது. கைமாறிய அளவைக் காட்டும் வொலியூம் பட்டைகள் வாரத்துக்கு வாரம் குட்டையாகின. முக்கோணம் முற்றுகிறது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியாது. விற்பவரும் வாங்குபவரும் ஓய்ந்து காத்திருக்கும் நாட்கள் அவை. ஜூலை 27, திங்கட்கிழமை, விலை கோட்டைத் தாண்டி 11,000 அளவில் மூடியது. அன்றைய வொலியூம் பட்டை முந்தைய வாரங்களின் சராசரியை விட்டு வெகு உயரத்தில் நின்றது. இம்முறை மூடியதைப் பார்த்த பிறகே வாங்கினேன்.

இலக்கு கணக்கிடுவது எளிது. முக்கோணத்தின் அகன்ற பக்கத்தின் உயரம் 10,500இலிருந்து 8,100ஐக் கழித்தால் 2,400. அதை உடைந்த மட்டத்தோடு கூட்டினால் 12,900. ஆனால் விலை நேராக அங்கே போகவில்லை. ஆகஸ்டில் 12,400 வரை ஏறி, செப்டெம்பர் தொடக்கத்தில் 10,000 அளவுக்கு, அதாவது உடைந்த கோட்டுக்கும் கீழே, இறங்கியது. 12,900ஐத் தொட்டது ஒக்டோபர் மூன்றாம் வாரத்தில். விலை இறங்கினால் தானாக விற்கும் ஸ்டாப் லாஸைக் கோட்டுக்கு ஒட்டி வைத்தவர்கள் செப்டெம்பரிலேயே வெளியேறியிருப்பார்கள். உடைப்பு உண்மையாக இருந்தும் அப்படி நடக்கும். ஆகவே, என் ஸ்டாப்பை இப்போது கடைசித் தாழ்வுக்குக் கீழே வைக்கிறேன். அந்த இடைவெளிக்கு ஏற்ப வாங்கும் தொகையைக் குறைத்துக்கொள்கிறேன்.

மாங்குளத்திலிருந்து ஒரு தம்பி அடிக்கடி அழைப்பார். “அண்ணை, சமச்சீர் முக்கோணம் இருக்கிறது, வொலியூமும் குறைகிறது. மேலா, கீழா?” என்று கேட்பார். உடையும் முன் வொலியூம் திசை சொல்வதில்லை என்பதே என் பதில். ஏறும் கேன்டில்களில் வொலியூம் கூடுதலா, இறங்குபவற்றில் கூடுதலா என்று நெடுநாள் குறித்துப் பார்த்தேன். அதை நம்பி முன்கூட்டியே வாங்கும் அளவுக்கு அந்தக் குறிப்புப் புத்தகம் எனக்கு நம்பிக்கை தரவில்லை. உடைந்த பிறகு மட்டும் வொலியூம் தெளிவாகப் பேசும். அதிலும் மேலே உடைவதற்குத்தான் பெரிய வொலியூம் அவசியம். விலையை ஏற்ற ஆட்கள் பணத்தோடு வரவேண்டும். கீழே விழ அது தேவையில்லை. வாங்க ஆளில்லாவிட்டாலே போதும். குறைந்த வொலியூமில் கீழே உடைந்தது பொய்யுடைப்பு என்று எண்ணி வைத்திருந்து ஒருமுறை நன்றாக இழந்தேன்.

நான்கு மணிநேர வரைபடத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. அமெரிக்கப் பங்குச் சந்தை திறக்கும் நேரம் நமக்கு மாலை 7 அல்லது 8 மணி. அதையொட்டி வொலியூம் இயல்பாகவே கூடும். ஞாயிறு காலையில் இயல்பாகவே வற்றும். ஆகவே மாலைப் பட்டையை அதிகாலைப் பட்டையோடு ஒப்பிட்டு “இரட்டிப்பு” என்று மகிழ்வதில் பொருளில்லை. முந்தைய நாட்களின் அதே நேரப் பட்டையோடு ஒப்பிடவேண்டும். ஞாயிறு உடைப்புகளைத் திங்கள் இரவு வரை நான் நம்புவதில்லை.

வொலியூமின் எண்ணிக்கையும் வணிகத் தளத்துக்குத் தளம் வேறுபடும். ஒரு பெரிய தளம் 2022 ஜூலையில் பிட்கொயின் வணிகத்துக்குக் கட்டணத்தை நீக்கியபோது அதன் வொலியூம் பட்டைகள் உயர்ந்தன. 2023 மார்ச்சில் பெரும்பாலான இணைகளுக்கு அந்தச் சலுகை நின்றதும் சரிந்தன. அந்த மாதங்களின் பட்டைகளை அதற்கு முந்தையவற்றோடு ஒப்பிட்டால் தவறான முடிவே வரும். அதனால் ஒரே உடைப்பை இரண்டு மூன்று தளங்களில், நாணயமே நேரடியாகக் கைமாறும் ஸ்பொட் வரைபடங்களில் பார்க்கிறேன். ஒன்றில் மட்டும் பட்டை எகிறி, மற்றவற்றில் சாதாரணமாக இருந்தால் அன்று வாங்குவதில்லை. சிறு நாணயங்களுக்கு இப்படி ஒப்பிடப் போதிய தளங்களே கிடையாது. அவற்றில் முக்கோணம் எவ்வளவு அழகாக அமைந்தாலும் கோடு வரைவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.